2 ஸ்லாட், ஒரே 4 ஜிபி ஸ்டிக்: படம் போட்டிருக்கேன், எந்த மெமரி வாங்கலாம்?

குடந்தை_அச்சகம்

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் டிடிபி கடை வெச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டுறது, இதுதான் தொழில். கடையில இருக்கிறது பழைய அசெம்பிள் செட். i5-2400 பிராசஸர், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி மெமரி. கோரல்டிராவும் போட்டோஷாப்பும் ஒண்ணா திறந்தா உறைஞ்சு நின்னுடுது. கஸ்டமர் பக்கத்தில உட்கார்ந்து "முகூர்த்த நேரத்தை மாத்துங்க"ன்னு சொல்லும்போது ஒரு எழுத்தைத் திருத்த நிமிஷக்கணக்கில காத்திருக்க வேண்டியிருக்கு.

கேபினெட்டைத் திறந்து மூணு படம் எடுத்தேன். முதல் படம் முழு மதர்போர்டு. ரெண்டாவது, இப்போ இருக்கிற மெமரி ஸ்டிக்கர். மூணாவது நான் எடுத்ததில்லை. ஆன்லைன்ல ஒருத்தர் விக்கிற 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்கோட படம். மத்தவங்க சொல்ற விலையில பாதிதான் கேக்குறார். வாங்கலாமா? என் போர்டு எடுத்துக்குமா? நடுவில இருக்கிற மாடல் பேரு மேல கேபிள் கிடக்கு, மன்னிக்கணும்.

டெக்_முருகு

அண்ணே, படம் பார்த்தேன். டிடிஆர்3 போர்டு, டிடிஆர்3 மெமரி, பிரச்சனையே இல்ல. மூணாவது படத்தில முன்னாடி 8 சிப், பின்னாடி 8 சிப், மொத்தம் 16. ரெண்டு பக்கமும் சிப் இருந்தா டூயல் ரேங்க். உங்க காலத்து இன்டெல் போர்டு எல்லாத்திலயும் டூயல் ரேங்க் 8 ஜிபி ஓடும். பாதி விலைன்னா யோசிக்காம போட்டுடுங்க. வேற யாராவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்க.

வேல்விழி_கோவை

கொஞ்சம் பொறுங்க அண்ணா, பணம் கட்டிடாதீங்க. படங்களை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் படம். மெமரி ஸ்லாட்டுக்குப் பக்கத்தில வெள்ளை எழுத்தில `DDR3_1`, `DDR3_2`ன்னு அச்சாகியிருக்கு. அதனால தலைமுறையில சந்தேகம் இல்ல. நடுவில `H61M` வரைக்கும் தெரியுது, மிச்சம் கேபிளுக்கு அடியில. இப்போதைக்கு அதுவே போதும். எச்61 சிப்செட்ல ஒரு சேனலுக்கு ஒரு ஸ்லாட்தான், அதனாலதான் ரெண்டே ஸ்லாட் இருக்கு. ஒரு ஸ்லாட்டுக்கு அதிகபட்சம் 8 ஜிபி, ஆக மொத்தம் 16 ஜிபி.

ரெண்டாவது படம், உங்க ஸ்டிக். ஸ்டிக்கர்ல கறை படிஞ்சிருந்தாலும் வேண்டியது தெரியுது:

```
4GB 1Rx8 PC3-12800U
M378B5173
```

இது சாம்சங் ஸ்டிக். `12800`ஐ 8-ஆல வகுத்தா 1600, அதுதான் வேகம். கடைசியில இருக்கிற `U` சாதாரண டெஸ்க்டாப் மெமரிங்கிறதுக்கு அடையாளம். `1Rx8`தான் இந்த இழைக்கே முக்கியமான எழுத்து. ஒவ்வொரு சிப்பும் ஒரு நேரத்தில 8 பிட் கொடுக்குது, 8 சிப் சேர்ந்தா 64 பிட். பிராசஸர் ஒரு தடவைக்கு ஒரு ஸ்டிக்கிட்ட இருந்து வாங்குறது அந்த 64 பிட்தான். அப்படி 64 பிட் கொடுக்கிற ஒரு குழுதான் ஒரு ரேங்க்.

மூணாவது படத்தில சிக்கல் இருக்கு. விக்கிறவர் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல `8GB DDR3 1600MHz`னு மட்டும்தான் இருக்கு. `2Rx8`ஓ `1Rx4`ஓ எதுவுமே இல்ல. முருகு தம்பி 16 சிப் எண்ணினது சரி. ஆனா 16 சிப்னாலே டூயல் ரேங்க்னு முடிவு கட்ட முடியாது. 8 பிட் சிப் 16 இருந்தா 128 பிட், அதாவது ரெண்டு ரேங்க். 4 பிட் சிப் 16 இருந்தா 64 பிட்தான், ஒரே ரேங்க். தூரத்துல இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா உங்க பிராசஸர் 4 பிட் சிப் போட்ட ஸ்டிக்கை எடுத்துக்காது.

விக்கிறவர்கிட்ட ஏதாவது ஒரு சிப்பை மட்டும் கிட்டத்தில வெச்சு எடுத்த படம் கேளுங்க. ஃபிளாஷ் போட வேண்டாம்னு சொல்லுங்க. சிப் மேல லேசர்ல பொறிச்ச எழுத்து ஃபிளாஷ் பட்டா மறைஞ்சு போகும். ஜன்னல் பக்கத்தில சாய்ச்சுப் பிடிச்சா நல்லாத் தெரியும்.

டெக்_முருகு

அக்கா, நான் இதுவரைக்கும் பார்த்த 16 சிப் 8 ஜிபி எல்லாம் டூயல் ரேங்க்தான். கிங்ஸ்டன், கோர்சேர் எல்லாமே. 4 பிட் சிப்ங்கிறது சர்வர் மெமரியில வர்றதாச்சே? டெஸ்க்டாப் ஸ்டிக்ல எப்படி வரும்?

வேல்விழி_கோவை

நீங்க சொல்ற கம்பெனிகள் ஸ்டிக்ல அப்படித்தான் தம்பி. 4 பிட் சிப் சர்வருக்குன்னு செஞ்சதுங்கிறதும் சரிதான். சர்வர்ல இருந்து கழட்டின சிப்பைப் புது பலகையில ஒட்டி டெஸ்க்டாப் ஸ்டிக்னு விக்கிறது சந்தையில ரொம்ப நாளா நடக்குது. சிலர் நேர்மையா "ஏஎம்டிக்கு மட்டும்"னு போட்டு விப்பாங்க. அந்த வரியைப் போடாம விக்கிறவங்களும் இருக்காங்க. பாதி விலைன்னதும் எனக்கு அதான் ஞாபகம் வந்தது.

ஆயிஷா_மேலப்பாளையம்

எனக்கும் இதே பிரச்சனைதான் அக்கா. என் ஸ்டிக்ல `PC3L-12800S`னு இருக்கு. 4வது தலைமுறை i5. ஒரு ஸ்லாட் காலியா இருக்கு. அண்ணன் போட்டிருக்கிற அந்த 8 ஜிபி எனக்கு ஆகுமா? அவருக்கு வேண்டாம்னா நான் வாங்கிக்கிறேன்.

வேல்விழி_கோவை

ஆயிஷா, உங்க ஸ்டிக்ல கடைசி எழுத்து `S`. அப்போ உங்களது லேப்டாப். அண்ணன் பார்க்கிறது டெஸ்க்டாப் ஸ்டிக், நீளமே ஏறக்குறைய இரண்டு மடங்கு, உங்க ஸ்லாட்ல உட்காரவே உட்காராது. இன்னொண்ணும் கவனிக்கணும். `PC3L`ல இருக்கிற `L` 1.35 வோல்ட்டுக்கு. 4வது தலைமுறை லேப்டாப்புக்கு அந்த `L` கட்டாயம். அது இல்லாத 1.5 வோல்ட் ஸ்டிக் போட்டா பெரும்பாலும் ஸ்டார்ட்டே ஆகாது. தனி இழை போட்டு லேப்டாப் மாடலோட படமும் போடுங்க, அங்க பார்க்கிறேன்.

ராம்_திருச்சி

எல்லாரும் ஸ்டிக்கையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. அடிப்படைக் கேள்வியை நான் கேக்குறேன். i5-2400 வந்தது 2011ல. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 பட்டியல்ல இன்டெல்னா 8வது தலைமுறையில இருந்துதான். இந்த போர்டுல எவ்வளவு மெமரி போட்டாலும் அந்தப் பட்டியல்ல ஏறாது. டிடிஆர்3 ஸ்டிக் நாளைக்கு வேற எந்த மெஷினுக்கும் ஆகாது. அந்தப் பணத்தைச் சேர்த்து வெச்சு, ஆபீஸ்ல இருந்து கழிச்ச 8வது தலைமுறை மெஷின் ஒண்ணு வாங்குங்க. டிடிஆர்4 ஸ்லாட் கிடைக்கும், எம்.2 ஸ்லாட் கிடைக்கும்.

குடந்தை_அச்சகம்

ராம் சார், அதையும் யோசிச்சேன். முதல் படத்தில பின்பக்கம் 9 ஊசி காம் போர்ட் ஒண்ணு தெரியும் பாருங்க. ஸ்டிக்கர் வெட்டுற பிளாட்டர் அதுலதான் ஓடுது. ஸ்கேனர் டிரைவரும் பழசு. பத்து வருஷத்துப் பத்திரிகை டிசைன் எல்லாம் பழைய எழுத்துருவுல இருக்கு. எல்லாத்தையும் புது மெஷினுக்கு மாத்தணும்னா முகூர்த்த சீசன் முடியணும். இப்போதைக்கு இந்த வருஷத்தை ஓட்டணும், அதான் கேக்குறேன்.

வேல்விழி மேடம், விக்கிறவர்கிட்ட கேட்டேன். "எல்லா போர்டுலயும் ஓடும் சார், கியாரண்டி"ன்னார். சிப் படம் கேட்டதுக்குத் தயங்கித் தயங்கி ஒண்ணு அனுப்பினார். கீழ போட்டிருக்கேன். முதல் வரி எனக்குப் புரியல.

வேல்விழி_கோவை

நல்ல படம் அனுப்பியிருக்கார். பெருசாக்கிப் பார்த்தேன். சிப்ல `K4B4G0446`னு ஆரம்பிக்குது. இப்போ உங்க கடையில இருக்கிற ஸ்டிக்கைக் கழட்டி அதுல ஒரு சிப்பைப் பாருங்க. அதுவும் சாம்சங்தான், `K4B4G0846`னு இருக்கணும்.

ரெண்டையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதினா வித்தியாசம் தெரியும்:

```
K4B4G0846   உங்க ஸ்டிக்
K4B4G0446   விக்கிறவரோட ஸ்டிக்
```

`K4B`னா சாம்சங் டிடிஆர்3. `4G`னா ஒரு சிப்புக்கு 4 ஜிகாபிட், அதாவது அரை ஜிபி. அடுத்து வர்ற `08`, `04`தான் ஒரு சிப் எத்தனை பிட் கொடுக்குதுங்கிறது. உங்களது 8, அவரோடது 4. கொள்ளளவு ரெண்டிலயும் ஒண்ணுதான். 16 சிப்பை அரை ஜிபியால பெருக்கினா 8 ஜிபி வந்துடுது. ஸ்டிக்கர்ல எழுதினது பொய்னு சொல்ல முடியாது. ஆனா இது `1Rx4`.

ஏன் ஓடாதுன்னா, 4 பிட் சிப்புக்குள்ள ஒரு வரிசையில இருக்கிற நெடுக்கைகளோட எண்ணிக்கை இரண்டு மடங்கு. அதைத் தேடிப் பிடிக்க ஒரு முகவரி பிட் கூடுதலா வேணும். இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸரோட மெமரி கன்ட்ரோலர் 8 பிட், 16 பிட் சிப்புக்குத்தான் அமைஞ்சது. ஏஎம்டி கன்ட்ரோலர் 4 பிட்டையும் பார்த்துக்கும். பயாஸ் அப்டேட் பண்ணி இதைச் சரி பண்ண முடியாது, கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ள இருக்கு.

உங்க போர்டுல போட்டா பெரும்பாலும் திரையில ஒண்ணும் வராது, பீப் மட்டும் கேக்கும். வேண்டாம்னு சொல்லிடுங்க.

ஹைனிக்ஸ் சிப் போட்ட ஸ்டிக் கிடைச்சாலும் இதே மாதிரி பார்க்கலாம். `H5TQ4G83`னா 8 பிட், உங்களுக்கு ஆகும். `H5TQ4G43`னா 4 பிட், ஆகாது.

நல்லூரான்

வேல்விழி அக்கா, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உங்கட விளக்கத்தை வாசிச்ச பிறகு என்ர பிரச்சனை கொஞ்சம் விளங்குது, எண்டாலும் ஒருக்கா கேட்டுப் பாக்கிறன். என்னட்டையும் எச்61 போர்டுதான். கொழும்பில ஒரு கடையில 8 ஜிபி மெமரி ஒண்டு வேண்டினனான். சிலொட்டில வடிவா இறங்கி கிளிக் எண்டு பூட்டுது. ஃபேன் சுத்துது, திரையில ஒண்டும் வரேல்ல. கடைக்காரர் பயாஸ் அப்டேட் செய்தால் சரிவரும் எண்டு சொல்லுறார். ஸ்டிக்கரில `2Rx4 PC3-10600R` எண்டு கிடக்கு. சிப் எண்ணினால் 36 வருது, நடுவில வேற மாதிரி நீட்டுச் சிப் ஒண்டும் இருக்கு.

வேல்விழி_கோவை

தம்பி, நீங்க எழுதின எழுத்துலயே விடை இருக்கு. கடைசியில `R`. அது சர்வருக்கான ரெஜிஸ்டர்ட் மெமரி. நடுவில நீங்க பார்த்த நீட்டுச் சிப்தான் அந்த ரெஜிஸ்டர். 32 இருக்க வேண்டிய இடத்தில 36 இருக்கிறதுக்குக் காரணம், பிழை திருத்துறதுக்குன்னு ரேங்குக்கு ரெண்டு சிப் கூடுதலா இருக்கு. டிடிஆர்3ல சர்வர் ஸ்டிக்குக்கும் டெஸ்க்டாப் ஸ்டிக்குக்கும் வெட்டு ஒரே இடத்தில இருக்கு, ஊசியும் ரெண்டிலயும் 240தான். அதனாலதான் ஸ்லாட்ல அழகா உட்காருது. உட்கார்ந்தா ஓடும்னு அர்த்தமில்ல. பயாஸ் அப்டேட் எதுவும் உதவாது. கடைக்காரர் திருப்பி எடுப்பாரான்னு கேளுங்க. சாம்சங்கா இருந்தா பெரிய எண் `M393`னு ஆரம்பிக்கும். `M378`னு ஆரம்பிக்கிறதுதான் உங்களுக்கு வேணும்.

நல்லூரான்

ஓம் அக்கா, `M393`தான். அவரோட கதைச்சுப் பாக்கிறன். அவர் இன்னும் பயாஸ் எண்டுதான் நிக்கிறார்.

டெக்_முருகு

அக்கா சொன்னதைத் தேடிப் பார்த்தேன். `04`, `08` விஷயம் சரிதான். எனக்கு இன்னொரு சந்தேகம். i5-2400 அதிகபட்சம் 1333 வேகம்தான் எடுக்கும். அண்ணன் ஸ்டிக் 1600. அப்போ புதுசா வாங்கும்போது 1333 ஸ்டிக்தான் வாங்கணும், 1600 வாங்கினா கலந்து போட்டு கிராஷ் ஆகும்.

வேல்விழி_கோவை

முதல் பாதி சரி, அந்தப் பிராசஸருக்கு 1333தான் உச்சம். ஆனா 1600 ஸ்டிக் 1333க்கு இறங்கி ஓடும். அண்ணன் ஸ்டிக் இப்போவே அப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்கு. 1333 கிடைச்சாலும் வாங்கலாம், 1600 கிடைச்சாலும் வாங்கலாம். ஸ்டிக்கர்ல `PC3-10600U`னு இருந்தா 1333, `PC3-12800U`னு இருந்தா 1600. வேகத்தைவிட ரேங்க் எழுத்தைத்தான் பார்த்து வாங்கணும்.

அண்ணா, வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. ஒண்ணு, விண்டோஸ் 64 பிட்டா? 32 பிட்டா இருந்தா 4 ஜிபிக்கு மேல எதைப் போட்டும் பிரயோஜனம் இல்ல. பழைய பிரிண்டருக்காக நிறைய டிடிபி கடையில 32 பிட் போட்டு வெச்சிருப்பாங்க, அதனாலதான் கேக்குறேன். ரெண்டாவது, பவர்ஷெல்லைத் திறந்து கீழ இருக்கிறதைப் போடுங்க. கேபிளுக்கு அடியில மறைஞ்ச மாடல் பேரு முதல் வரியில வந்துடும்.

```
Get-CimInstance Win32_BaseBoard | Select-Object Manufacturer, Product, Version
Get-CimInstance Win32_PhysicalMemory | Select-Object DeviceLocator, Capacity, Speed, PartNumber
```

அப்படியே உறையுற நேரத்தில டாஸ்க் மேனேஜர்ல மெமரி எத்தனை சதவீதம், டிஸ்க் எத்தனை சதவீதம்னு பாருங்க.

குடந்தை_அச்சகம்

64 பிட்தான் மேடம். கமாண்ட் போட்டேன். மாடல்ல `H61M`க்குப் பின்னாடி `DS2`ன்னு வருது. மெமரியில ஒரே ஒரு வரி, ஸ்டிக்கர்ல இருக்கிற அதே `M378B5173`தான் அங்கயும் வருது.

டாஸ்க் மேனேஜர் பார்த்தேன். ரெண்டு சாஃப்ட்வேரும் திறந்திருக்கும்போது மெமரி 93%, டிஸ்க் 100%. டிஸ்க் 100%ங்கிறதால முதல்ல எஸ்எஸ்டிதான் வாங்கணுமோன்னு இப்போ குழப்பமா இருக்கு.

ராம்_திருச்சி

நான் சொல்ல வந்ததே அதான். எஸ்எஸ்டி போடுங்க, அதுவாச்சும் புது மெஷினுக்குக் கழட்டிக்கிட்டுப் போகலாம். மெமரி அப்படி இல்ல. எச்61ல எம்.2 கிடையாது, சாட்டாவும் பழைய 3 ஜிகாபிட்தான். எஸ்எஸ்டி பாதி வேகத்தில ஓடும். அப்படியும் ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு தேவலாம்.

வேல்விழி_கோவை

ராம் சார் எஸ்எஸ்டி பத்திச் சொன்னது எனக்கும் சம்மதம். ஆனா அந்த 100% எங்க இருந்து வருதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. மெமரி 93% நிரம்பினா விண்டோஸ் இடம் பத்தாம, வேலை செஞ்சுக்கிட்டு இருக்கிறதையே டிஸ்க்ல எழுதி எழுதி எடுக்கும். அப்போ டிஸ்க் 100% காட்டும், ஆனா நோய் மெமரியிலதான் இருக்கு. ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கம் போனா `Hard Faults/sec`னு ஒரு நெடுக்கை இருக்கும். உறையும்போது போட்டோஷாப்புக்கு நேரா அந்த எண் நூற்றுக்கணக்கில துள்ளிக்கிட்டே இருந்தா மெமரிதான் குறை. அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில அமைதியா இருந்து டிஸ்க் மட்டும் 100%னா, ஹார்ட் டிஸ்க் மெதுவா இருக்கு, இல்ல சாகப்போகுது.

குடந்தை_அச்சகம்

பார்த்தேன் மேடம். பத்திரிகை ஃபைலைத் திறந்து போட்டோஷாப்புக்கு மாறினதும் 400, 700ன்னு எகிறுது. கொஞ்ச நேரம் விட்டா அடங்குது. திரும்ப கோரலுக்கு வந்தா மறுபடி எகிறுது.

வேல்விழி_கோவை

அப்போ சந்தேகமே இல்ல, மெமரிதான் முதல்ல.

எவ்வளவுங்கிறதுதான் மிச்சம். ரெண்டு வழி இருக்கு. உங்க ஸ்டிக் மாதிரியே இன்னொரு 4 ஜிபி `1Rx8` போட்டா 8 ஜிபி, ரெண்டு சேனலும் சமமா ஓடும். 8 ஜிபி `2Rx8` போட்டா மொத்தம் 12. இதுல முதல் 8 ஜிபி ரெண்டு சேனல்ல ஓடும், மீதி 4 ஒரு சேனல்ல. இன்டெல் அதைத் தானா பிரிச்சுக்கும், நீங்க எதையும் மாத்த வேண்டியதில்ல. உங்க போர்டுல தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லைன்னு படத்தில தெரியுது. திரைக்கு வேண்டிய மெமரியையும் இதுல இருந்துதான் எடுக்குது. அதனால நான் 8 ஜிபி ஸ்டிக்கைத்தான் வாங்குவேன்.

ராம்_திருச்சி

நான் ஒத்துக்கல. ஒரு வருஷம்தான் ஓட்டப் போறார். 4+4 போதும், மிச்சப் பணத்தை எஸ்எஸ்டிக்குப் போடட்டும். 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் ரிச்சி ஸ்ட்ரீட்ல கூடை கூடையா கிடக்கு. சின்ன ஸ்டிக்ல இந்த `1Rx4` வில்லங்கமும் குறைவு.

வேல்விழி_கோவை

கடைசி வாக்கியம் நல்ல பாயிண்ட். ஒரே பக்கம் 8 சிப் இருக்கிற 4 ஜிபி ஸ்டிக்கா இருந்தா அது 8 பிட் சிப்தான், 4 பிட் சிப் 8 போட்டா 64 பிட் வராதே. ஆனா 16 சிப் இருக்கிற 4 ஜிபியா இருந்தா அப்பவும் எழுத்தைப் பார்த்தே ஆகணும். மத்தபடி பத்திரிகை ஃபைல்ல படம் ஏறி ஏறி பெருசாகிக்கிட்டே போகும். 8 ஜிபி போதுமாங்கிறது என் அனுபவத்தில கஷ்டம்தான். அண்ணன் வேலையை அவர்தான் பார்த்து முடிவு பண்ணணும்.

இன்னொரு எச்சரிக்கை, 8 ஜிபி தேடும்போது. ஒரே பக்கம் 8 சிப் மட்டும் இருக்கிற 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்கும் வருது, ஸ்டிக்கர்ல `8GB 1Rx8`னு இருக்கும். அதுல ஒரு சிப் 8 ஜிகாபிட். உங்க பிராசஸர் ஒரு சிப்புக்கு 4 ஜிகாபிட் வரைக்கும்தான் எடுக்கும். அதையும் ஒதுக்கிடுங்க. உங்களுக்கு வேண்டியது இந்த எழுத்து மட்டும்தான்:

```
8GB 2Rx8 PC3-12800U
8GB 2Rx8 PC3-10600U
```

`PC3L`னு இருந்தாலும் பரவாயில்ல, டெஸ்க்டாப் ஸ்டிக்ல அது 1.5 வோல்ட்லயும் ஓடும்.

செந்தில்_மதுரை

குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். நான் பழைய பார்ட்ஸ் வாங்கி விக்கிறவன். ஸ்டிக்கரைக் கிழிச்சு வேற ஒட்டுறது சாதாரணம், அதை யாரும் நம்பாதீங்க. ஆனா சிப் எழுத்தையும் தேய்ச்சுட்டு மறுபடி அச்சடிச்ச ஸ்டிக் என் கைக்கு வந்திருக்கு. படத்தில கண்டுபிடிக்கவே முடியாது. நேர்ல பார்த்தா சிப்போட மேல்பரப்பு மத்த சிப்பைவிட மொழுமொழுன்னு இருக்கும், ஓரத்தில இருக்கிற சின்னக் குழி ஆழம் குறைஞ்சிருக்கும், எழுத்து மை மாதிரி வெள்ளையா நிக்கும். எல்லா 16 சிப்லயும் ஒரே வரி, ஒரே தேதி எண் இருக்கான்னும் பாருங்க. வேற வேற இருந்தா பொறுக்கி ஒட்டினது.

அதனால படம் பார்த்து வேண்டாம்னு தைரியமா சொல்லலாம். வாங்குன்னு சொல்ல அது பத்தாது. ஓட்டிப் பார்த்து வாங்குங்க, இல்ல திருப்பி எடுக்கிற ஆள்கிட்ட வாங்குங்க.

டெக்_முருகு

செந்தில் அண்ணே, குழி ஆழம் விஷயம் எனக்குப் புதுசு. தேய்ச்ச சிப், தேய்க்காத சிப் ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒரு படம் போட முடியுமா?

செந்தில்_மதுரை

அந்த ஸ்டிக் இப்போ என்கிட்ட இல்ல தம்பி. அடுத்து வந்தா போடுறேன்.

குடந்தை_அச்சகம்

ஆன்லைன்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். "இன்டெல்ல ஓடாதுன்னு யார் சார் சொன்னது"ன்னு கோபப்பட்டார். தஞ்சாவூர்ல ஒரு சர்வீஸ் கடையில கேட்டேன். அவங்ககிட்ட கழட்டின 8 ஜிபி ஒண்ணு இருந்தது. ஸ்டிக்கர்ல `8GB 2Rx8 PC3-12800U`, சிப்ல `K4B4G0846`. நாலு சிப்ல எழுத்தைச் சரிபார்த்தேன், ஒண்ணாதான் இருந்தது. ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக்கிறேன்னு பில்லுல எழுதிக் கொடுத்தார்.

போட்டதும் 12 ஜிபி காட்டுது. ஆனா சிபியு-இசட்ல மெமரி பக்கத்தில `DRAM Frequency 665 MHz`னு வருது. 1333 வர வேண்டியதில்ல? பாதிதான் ஓடுதா?

வேல்விழி_கோவை

சரியாத்தான் ஓடுது அண்ணா. டிடிஆர் மெமரி ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை தகவல் அனுப்பும். சிபியு-இசட் துடிப்பைக் காட்டுது, 665ஐ ரெண்டால பெருக்கினா 1330. அதே சாஃப்ட்வேர்ல `SPD` பக்கம் போய் புது ஸ்டிக் இருக்கிற ஸ்லாட்டைத் தேர்ந்தெடுங்க. `Ranks`க்கு நேரா `Dual`னு இருக்கணும்.

திருப்பித் தர்றதுக்கு ஒரு வாரம் இருக்கிறதால இன்னிக்கு ராத்திரியே மெம்டெஸ்ட்86 பென் டிரைவ்ல போட்டு விட்டுடுங்க. காலையில ஒரு பிழை கூட இருக்கக் கூடாது. ஒண்ணு வந்தாலும், புது ஸ்டிக்கை மட்டும் தனியா போட்டு மறுபடி ஓட்டுங்க. அப்பவும் பிழை வந்தா மத்த ஸ்லாட்ல அதே ஸ்டிக்கைப் போட்டுப் பாருங்க. ரெண்டு ஸ்லாட்லயும் பிழைன்னா ஸ்டிக் கெட்டது, திருப்பிக் கொடுங்க. ஒரு ஸ்லாட்ல மட்டும்னா ஸ்லாட்ல தூசி, ஸ்டிக்கோட தங்க விளிம்பை ரப்பரால துடைச்சுட்டுப் போடுங்க.

குடந்தை_அச்சகம்

`Dual`னுதான் இருக்கு. ராத்திரி முழுக்க ஓட விட்டேன், பிழை பூஜ்யம். கோரலும் போட்டோஷாப்பும் திறந்திருக்கும்போது இப்போ மெமரி 62%. ஹார்ட் ஃபால்ட் எகிறுறது நின்னுடுச்சு. ஆனா காலையில மெஷின் ஆன் பண்ணி டெஸ்க்டாப் வர்ற நேரம் கொஞ்சமும் குறையல.

ராம்_திருச்சி

அது ஹார்ட் டிஸ்க். அதுக்கு மெமரி உதவாது. எஸ்எஸ்டி வாங்கும்போது சொல்லுங்க, முதல் படத்தில இருக்கிற சாட்டா போர்ட்ல எதுல போடணும்னு பார்ப்போம். பிளாட்டருக்கு யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் ஒண்ணை வாங்கி இந்த மெஷின்லயே ஒரு தடவை போட்டு வெட்டிப் பாருங்க. அது ஓடிட்டா, புது மெஷின் வாங்கக் கூடாதுன்னு சொல்ற காரணத்தில பெரியது ஒண்ணு போயிடும்.

நல்லூரான்

கடைக்காரர் பயாஸ் அப்டேட் தானே செய்து தாறன் எண்டு போர்டைக் கேக்கிறார். குடுக்கலாமோ அக்கா?

வேல்விழி_கோவை

கொடுக்காதீங்க தம்பி. ஓடிக்கிட்டு இருக்கிற போர்டுல காரணமில்லாம பயாஸை எழுதப் போய் நடுவில கரண்ட் போனா போர்டும் போயிடும். அவர் கடையில இருக்கிற ஏதாவது ஒரு எச்61 போர்டுல அந்த `M393` ஸ்டிக்கைப் போட்டு ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.